பெங்களூரு அடுக்ககத்தில் புதியவர்களைக் கன்னடத்தில் வரவேற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்துக்காரன். பெங்களூரில் ஓர் அடுக்ககத்தின் சங்கக் கமிட்டியில் இருக்கிறேன். புதிதாக வந்தவர்களை வரவேற்கும் ஒரு நிமிடப் பேச்சு எப்படியோ என் தலையில் விழுந்தது. எனக்குப் பிறகு கமிட்டிக்கு வந்த தமிழர்கள் அதைப் பற்றிக் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்குக் கடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் பேசுகிற கன்னடம்தான் தெரியும். பேசாமல் ஆங்கிலத்திலேயே பேசிவிடலாமா?

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று பார்த்தால் வீட்டுப் பெரியவர்கள், காவலாளிகள், குப்பை எடுக்க வருகிற அக்கா, சில வீட்டு அம்மாக்கள். கூட்ட நேரம், குப்பை, தண்ணீர் என்று நீங்கள் சொல்லப்போகிற விஷயம் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் வரவேற்பையும் அந்த இரண்டு மூன்று தகவல்களையும் கன்னடத்தில் சொல்லுங்கள். கணக்கு வழக்கு, பராமரிப்புக் கட்டணம் மாதிரி சிக்கலானவற்றை ஆங்கிலத்திலோ, கன்னடம் நன்றாகத் தெரிந்த வேறொரு கமிட்டிக்காரர் வாயாலோ சொல்ல வைக்கலாம். தெரியாத மொழியில் பணம் பற்றிப் பேசினால் வம்புதான் வரும்.

எவ்வளவு நேரம் பேச வேண்டும்? என்னென்ன சொல்ல வேண்டும்?

ஒரு நிமிடம் போதும். பத்து, பதினொரு சின்ன வாக்கியம். வணக்கம், நீங்கள் யார், ஒரு மன்னிப்பு, வரவேற்பு, கூட்டம் எப்போது, குப்பையை எப்படிப் பிரிப்பது, உதவிக்கு யாரைக் கேட்பது, நன்றி. அவ்வளவுதான். சங்கத்தின் வரலாறு, முந்தைய கமிட்டியின் சாதனைகள் எல்லாம் தாய்மொழியில் பேசும்போதே கேட்பவருக்குக் கொட்டாவி வரவைப்பவை.

கன்னட எழுத்து எனக்குப் படிக்க வராது. தமிழில் எழுதி வைத்துப் படித்தால் போதாதா?

படிக்கலாம், ஆனால் சும்மா எழுதிப் படித்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழில் க, ட, த, ப என்ற எழுத்துகளை எங்கே வன்மையாகச் சொல்வது, எங்கே மென்மையாகச் சொல்வது என்பதை இடம் பார்த்து நம் நாக்கே முடிவு செய்கிறது. சொல்லின் முதலில் வந்தால் வன்மை. இரண்டு உயிருக்கு நடுவிலோ மெல்லெழுத்துக்குப் பின்னாலோ வந்தால் மென்மை. ‘தம்பி’ என்பதில் வரும் ‘பி’யையும் ‘பிறகு’ என்பதில் வரும் ‘பி’யையும் சொல்லிப் பாருங்கள், தெரியும். கன்னடத்தில் இந்த வசதி கிடையாது. அங்கே இரண்டும் தனித்தனி எழுத்து, எங்கே வேண்டுமானாலும் வரும்.

இப்போது பேச்சின் மையமான சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘ஸ்வாகத’ என்று தமிழில் எழுதிவைத்தால் கடைசி ‘த’வை ‘பாதம்’ என்பதில் வருவது போல மென்மையாகச் சொல்லிவிடுவோம். கன்னடத்தில் அது ‘தலை’யின் ‘த’. அதற்கு முன்னால் வரும் ‘க’ மட்டும்தான் மென்மை. புதியவரை வரவேற்கிற சொல்லே தமிழ் நாக்கில் கோணிப்போகிறது.

இதற்கு நான் கண்ட வழி நம் வீட்டுப் பூஜை அலமாரியில் ஏற்கெனவே இருந்தது. தமிழில் அச்சிட்ட சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சின்னதாக எண் போட்டிருப்பார்களே, அதுதான். அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தலையில் ³ இருந்தால் மென்மை. எண் இல்லாவிட்டால் எந்த இடமானாலும் வன்மை. அப்படி எழுதினால் ‘ஸ்வாக³த’. நாக்கு எங்கே அடங்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. மூச்சு விட்டுச் சொல்கிற 2, 4 எழுத்துகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேச்சுக் கன்னடத்தில் பலரும் அந்த மூச்சைக் குறைத்தே சொல்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ‘மணி’க்குக் கன்னடத்தில் க³ண்டெ. இதில் ‘ட’ வன்மையானது. நாமோ ‘வண்டி’யில் வருவது போல மென்மையாக்கிவிடுவோம். அடுத்தது, பே³கு என்றால் ‘வேண்டும்’, பே³க³ என்றால் ‘சீக்கிரம்’. ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லப்போய், நடுவில் இருக்கிற ‘க’வை மென்மையாக்கினால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் எதற்கு அவசரம் என்று யோசிப்பார்.

நீங்கள் பேசியதை அப்படியே கொடுங்களேன்?

சரி. மூன்றாம் மாடி என்பதையும் கூட்ட நேரத்தையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லரிகூ³ நமஸ்கார. நன்ன ஹெஸரு (உங்கள் பெயர்). மூரனே மஹடி³யல்லி இதீ³னி.
(எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் இன்னது. மூன்றாம் மாடியில் இருக்கிறேன்.)

நன்ன மாத்ருபா³ஷெ தமிளு. கன்னட³ கலீதா இதீ³னி, தப்பாத³ரெ க்ஷமிஸி.
(தாய்மொழி தமிழ். கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன், தப்பு வந்தால் மன்னியுங்கள்.)

நம்ம ஸங்க³க்கெ ஹொஸதா³கி³ ஸேரிருவ எல்லரிகூ³ ஸ்வாக³த.
(நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் நல்வரவு.)

ப்ரதி திங்க³ளு எரட³னே பா³னுவார பெ³ளிக்கெ³ ஹத்து க³ண்டெகெ³ ஸபெ³ இருத்தெ.
(மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் இருக்கும்.)

ஹஸி கஸ, ஒண கஸ பே³ரெ பே³ரெ இடி³.
(ஈரக் குப்பை, உலர் குப்பையைத் தனித்தனியாக வையுங்கள்.)

ஏனாத³ரூ பே³காத³ரெ நன்னன்ன கேளி. எல்லரிகூ³ த³ன்யவாத³. எல்லரூ ப³ன்னி, காபி குடி³யோண.
(ஏதாவது வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். எல்லோருக்கும் நன்றி. எல்லோரும் வாங்க, காபி குடிப்போம்.)

‘தமிளு’ என்று எழுதியிருப்பது எழுத்துப்பிழை இல்லை. இன்றைய கன்னடத்தில் ழகரம் கிடையாது, நம் மொழியின் பெயரை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே போய் ழகரத்தை அழுத்திச் சொன்னால் பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும்.

‘ஹஸி’ என்றதும் நமக்குப் பசி ஞாபகம் வரும். நம் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகியிருக்கிறது: பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, போ ஹோகு³. ஆனால் இந்த ஹஸி, பசுமையின் உறவுக்காரன். ஈரமான, பச்சையான என்று பொருள். பசிக்கு ஹஸிவு.

கன்னடம் சரியாக வராததற்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்கலாம்?

ஒரு தடவை. பெயர் சொன்னதும் கேட்டுவிடுங்கள், முடிவில் திரும்ப வேண்டாம். நீங்கள் சொன்னவுடனே கூட்டத்தில் யாராவது ‘பரவாகி³ல்ல’ என்பார்கள். நம் பரவாயில்லைதான் அது. அந்தக் குரல் வரும்வரை ஒரு நொடி நில்லுங்கள். அதற்கப்புறம் பேசுவது எளிதாகிவிடுகிறது, எனக்கு ஆனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மன்னிப்புக் கேட்டால் கேட்பவர்கள் கூட்டம் எப்போது என்பதை விட்டுவிட்டு உங்கள் பிழைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டு எடுத்தேன். ‘கலியுத்தித்³தே³னெ’ என்று வந்தது. உங்கள் உரையில் ‘கலீதா இதீ³னி’ என்று இருக்கிறதே?

இரண்டும் ஒன்றுதான். முதலாவது எழுத்துக் கன்னடம், இரண்டாவது பேச்சு. ‘கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் ‘கத்துக்கிட்டிருக்கேன்’ என்பதற்கும் உள்ள தூரம். பத்துப் பதினைந்து குடும்பம் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் எழுத்துக் கன்னடம் பேசினால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும், உங்கள் நாக்கும் சுளுக்கிக்கொள்ளும். வரவேற்கிற ஒரு வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் முறையாக வைத்துக்கொண்டு, மற்றதைப் பேச்சு வழக்கில் விடுங்கள்.

இன்னொன்று. நமஸ்காரம், ஸ்வாகதம், தன்யவாதம் என்று கடைசியில் ‘ம்’ போடுவது தமிழரின் முத்திரை. கன்னடத்தில் அகரத்தோடு நிறுத்த வேண்டும்: நமஸ்கார, ஸ்வாக³த, த³ன்யவாத³. உதடு மூடினால் தப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எங்கள் சங்கம்’ என்று சொல்வதா, ‘நம் சங்கம்’ என்பதா?

தமிழில் இது முக்கியமான கேள்வி. புதியவரிடம் ‘எங்கள் சங்கத்துக்கு வாங்க’ என்றால் அவர் இன்னும் வெளியே நிற்கிறார் என்று பொருள். கன்னடத்தில் இந்த வேறுபாடே கிடையாது. நாவு, நம்ம என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். ‘நம்ம மெட்ரோ’ என்று ரயிலில் எழுதியிருக்கிறதே, அதே நம்ம. ஆகவே கவலையில்லாமல் நம்ம ஸங்க³ என்று சொல்லுங்கள்.

‘பன்னி’ என்று சொன்னால் பின்வரிசைத் தமிழர்கள் சிரிக்கிறார்களே!

சிரிப்பார்கள். நான் பேசியபோதும் இரண்டு பேர் சிரித்தார்கள், அதில் ஒருவர் என் மனைவி. ப³ன்னி என்றால் ‘வாங்க’. அதைவிட மரியாதையான சொல் இல்லை. முதலெழுத்தை வன்மையாகச் சொன்னால்தான் அது நம் ஊர்ப் பன்றியாகிறது. ‘தம்பி’யைச் சொல்லி, அதில் உதடு எப்படி அதிர்கிறதோ அப்படியே ப³ன்னியைத் தொடங்குங்கள். தனியாகவும் சொல்லாதீர்கள். ‘எல்லரூ ப³ன்னி’ என்று ஒரு சொல்லுக்குப் பின்னால் வைத்தால் நாக்கு தானாகவே சரியான இடத்துக்குப் போகிறது. சங்கடமாக இருக்கிறது என்று ‘பா³’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ‘வா’. பெரியவர்கள் முகம் மாறிவிடும்.

என் மானம் உண்மையில் போனது வேறு இடத்தில். படபடப்பில் ஹகரத்தை விழுங்கிவிட்டு, பத்து மணிக்கு என்பதை ‘அத்து க³ண்டெகெ³’ என்றேன். கன்னடத்தில் அத்து என்றால் ‘அழுது’. கூட்டத்துக்கு அழுதுகொண்டு வரச் சொன்ன முதல் கமிட்டிக்காரன் நானாகத்தான் இருப்பேன். ஹெஸரு, ஹொஸ, ஹத்து மூன்றையும் கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள். உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும்.

புதியவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டுமா?

ஐந்தாறு குடும்பம் என்றால் படியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் போய் அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லி, அதே ³ குறியோடு எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் ‘அவரு’ சேர்ப்பது வழக்கம். வீட்டு எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்லிவிடலாம். கன்னடக்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வாடகைக்கு வந்தவர்களும் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களையும் ‘சங்கத்தில் சேர்ந்தவர்கள்’ என்று சொல்லலாமா?

நல்ல கேள்வி. கர்நாடகத்தில் அடுக்கக உடைமைக்கென்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அமைகிற சங்கம் வீட்டு உரிமையாளர்களின் சங்கம். வாடகைக்கு இருப்பவர் நிவாஸி, அதாவது குடியிருப்பவர். ஸத³ஸ்ய, அதாவது உறுப்பினர், அல்ல. வேறு சட்டத்தில் பதிவான சங்கங்களும் உண்டு, உங்கள் விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். இந்த வேறுபாட்டை வரவேற்பில் கிளறினால் நன்றாக இருக்காது. சேர்ந்திருக்கும் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘நம்ம கட்டட³க்கெ ஹொஸதா³கி³ ப³ந்தி³ருவ எல்லரிகூ³ ஸ்வாக³த’ என்று சொல்லுங்கள். நம் கட்டடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லோருக்கும் நல்வரவு. வீடு வாங்கியவரும் வாடகைக்காரரும் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

நடுவில் மறந்துவிட்டால்?

‘ஒந்து³ நிமிஷ’ என்று சொல்லிவிட்டுத் தாளைப் பாருங்கள். ஒரு நிமிடம் என்று பொருள். ‘அது வந்து, என்னன்னா’ என்று தமிழில் இழுக்காதீர்கள். ஒருமுறை தமிழுக்குள் நழுவினால் அடுத்த கன்னட வாக்கியம் எளிதில் திரும்பி வராது.

பேசி முடித்ததும் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. உங்களுக்கு நன்றாகவே கன்னடம் தெரியும் என்று நம்பி யாராவது ஒரு பாட்டி கடகடவென்று ஏதோ கேட்பார். அதற்கு ‘ஸ்வல்ப நிதா³னவாகி³ ஹேளி’ என்ற வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஹேளி என்றால் ‘சொல்லுங்கள்’, கேளி என்றால் ‘கேளுங்கள்’. எல்லோருக்கும் முன்னால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் யாரும் இல்லை.

காவிரி, எந்த மொழி மூத்தது என்று ஏதாவது நகைச்சுவையாகச் சேர்க்கலாமா?

வேண்டாம்.

நான் சொன்னது புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லோரும் ‘நன்றாக இருந்தது’ என்கிறார்கள்.

அப்படித்தான் சொல்வார்கள், நாகரிகம் தெரிந்தவர்கள். அதனால் ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, தமிழும் ஆங்கிலமும் தெரியாத ஒருவரிடம் பேசிக்காட்டுங்கள். நான் எங்கள் இரவுக் காவலாளியிடம் பேசிக்காட்டினேன். தாளைக் கொடுக்கக் கூடாது, காதால் மட்டுமே கேட்க வேண்டும். முடிந்ததும் கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, குப்பையை என்ன செய்யச் சொன்னேன் என்று கேளுங்கள். முதல் தடவை அவர் கிழமையைச் சரியாகச் சொன்னார், மணியைச் சொல்லவில்லை. என் ‘ஹத்து க³ண்டெ’ அவருக்குப் பிடிபடவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் தடவை மூன்றுக்கும் சரியான பதில் வந்தது. அப்புறமும் மேடையில் ஹகரத்தை விழுங்கினேன் என்பது வேறு கதை.

கைபேசியில் பதிவு செய்து கேட்பதும் உதவும், ஆனால் நம் தப்பு நம் காதுக்குச் சரியாகவே கேட்கும். காவலாளிதான் நல்ல பரீட்சை. குடிக்க ஒரு காபி கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.